திறந்ததாகச் சொன்ன போர்ட்

சங்கமித்ராவுக்கு வேலை இரண்டு இடத்தில். காலையில் திருவொற்றியூர் யார்டு, சாப்பாட்டுக்கு மேல் எண்ணூர் யார்டு. இரண்டும் ஒரே கம்பெனியுடையவை. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர்களை வாங்கி அடுக்கி வைத்து, கப்பல் வரும் நேரம் பார்த்து ஏற்றி அனுப்புகிற கம்பெனி. ஒவ்வொரு டிரெய்லர் லாரி கேட்டுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் கம்ப்யூட்டரில் பதிந்தாக வேண்டும். பதியாமல் தடுப்புக்கட்டை மேலே எழும்பாது. அந்தப் பதிவுகளெல்லாம் போய்ச் சேருகிற சர்வர் ராயபுரம் தலைமை அலுவலகத்தில் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை.

எம்.கே.பி. நகர் வீட்டிலிருந்து காலையில் கிளம்பி யார்டுக்கு வருவது கூட அவளுக்குப் பெரிதில்லை. இந்த இரண்டு யார்டுக்கும் நடுவில் கம்பெனி வேனில் போகிற நேரம்தான் கொடுமை. எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர்கள் வாலோடு வால் ஒட்டி நிற்கும். வேன் அரை மணி நகரும், ஒரு மணி நிற்கும். சர்வரில் கோளாறு என்றால் அந்த நேரம் பார்த்துத்தான் வரும். மடியில் லேப்டாப்பை வைத்து, செல்போன் இணையத்தைப் பிடித்து, தொலைவிலிருந்து நுழைய எல்லோரும் பயன்படுத்துகிற எஸ்எஸ்எச் வழியாக சர்வருக்குள் போவாள். யார்டு வைஃபையில் இருந்து செல்போனுக்கு மாறினாலே அவளுடைய இணைய முகவரி மாறிவிடும். பழைய இணைப்பு அந்தக் கணமே செத்துவிடும். வழியில் சிக்னல் போய் வந்தாலும் அதே கதி. செய்துகொண்டிருந்த வேலை சர்வரில் அறுந்துபோகாமல் நிற்க அவள் ஏற்பாடு செய்து வைத்திருந்தாள்தான். ஆனால் அந்த வேலைக்குத் திரும்பிப் போக ஒவ்வொரு முறையும் புதிதாக உள்ளே நுழைய வேண்டும். ஒவ்வொரு நுழைவுக்கும் போனுக்கு ஓடிபி வர வேண்டும். சிக்னலே இல்லாத இடத்தில் ஓடிபி எப்படி வரும்?

இதற்கு மருந்து அவளுக்குத் தெரிந்திருந்தது. மோஷ் என்று ஒரு மென்பொருள். முதல் தடவை மட்டும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய், ஓடிபி கொடுத்து, சர்வரில் தன் ஆளை எழுப்பி விட்டுவிடும். அதன்பிறகு எஸ்எஸ்எச்சை விட்டுவிட்டு யுடிபி என்கிற வேறு வழியில் பேசிக்கொள்ளும். முகவரி மாறினாலும், சிக்னல் கால் மணி காணாமல் போனாலும், மறுபடி நெட் வந்த நொடியில் விட்ட இடத்திலிருந்து தொடரும். மறுபடி ஓடிபி கிடையாது. அதற்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அலுவலக நெட்வொர்க்கின் காவல் வாசலான ஃபயர்வாலில் யுடிபிக்கான போர்ட்டுகள், அதாவது எண் போட்ட வழிகள், திறந்திருக்க வேண்டும். எஸ்எஸ்எச்சுக்கான டிசிபி போர்ட் மட்டும்தான் திறந்திருந்தது.

ஃபயர்வால் பிராங்கிளின் பொறுப்பு. ராயபுரத்துக்காரன். பத்து வருடத்துக்கு முன் இருவரும் ஒரே வாரத்தில் அந்தக் கம்பெனியில் சேர்ந்தவர்கள். அவனுக்கும் பிலோமிக்கும் கல்யாணம் நடந்தபோது சர்ச்சில் முதல் வரிசையில் உட்கார்ந்தவள் அவள். அவள் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ரத்தம் கொடுத்தவன் அவன். அதனால் மெயில் எல்லாம் போடாமல் நேரே போன் போட்டாள்.

"பிராங்கிளின், யுடிபி அறுபதாயிரத்து ஒன்னுலேர்ந்து பத்து போர்ட்டு மட்டும் நம்ம சர்வருக்குத் தொறந்து வுடேன். ஆயிரம் வேணாம், பத்து போதும்."

"இன்னாத்துக்கு மித்ரா?"

சொன்னாள். அவன், "சரி, பண்ணிடலாம், வுடு" என்றான். மறுநாள் அவனே கூப்பிட்டான். "முடிஞ்சிச்சு. தொறந்தாச்சு. நீ ஓட்டு."

அவள் ஓட்டினாள். ஓடிபி கேட்டது, கொடுத்தாள், உள்ளே போனது. திரை வெறுமையானது. மேலே நீலப் பட்டையில் ஒரு வரி: சர்வரிடமிருந்து யுடிபி போர்ட் 60001-இல் எதுவும் வரவில்லை. அவ்வளவுதான். கர்சர் கூட அசையவில்லை. நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினாள். அதே வரி. போர்ட் எண் மட்டும் ஒன்று கூடியிருந்தது.

முதலில் தன்மேல்தான் சந்தேகப்பட்டாள். சர்வரில் மொழி அமைப்பு தப்பாக இருந்தால் மோஷ் முரண்டு பிடிக்கும்; பார்த்தாள், சரியாக இருந்தது. சர்வரின் சொந்த ஃபயர்வாலைப் பார்த்தாள். அதில் அந்தப் பத்துப் போர்ட்டும் திறந்தே கிடந்தன. மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி போட்டாள். பிராங்கிளினைக் கேட்டால், "என் சைடுல ஒன்னியும் இல்ல மித்ரா. உன் போன் கம்பெனிக்காரன்தான் யுடிபிய அமுக்குறான்" என்றான். அவளும் வேறு கம்பெனி சிம் வாங்கிப் போட்டாள். அதே நீலப் பட்டை.

மூன்றாவது வாரத்தில் அவளுக்குப் பொறுமை போனது. தனக்கென்று வெளியில் வாடகைக்கு வைத்திருந்த சின்ன சர்வர் ஒன்றுக்கு அதே போனிலிருந்து மோஷ் போட்டாள். பிசிறில்லாமல் போனது. வைஃபையை அணைத்தாள், போட்டாள், விமானப் பயன்முறைக்குப் போய் வந்தாள். அது விடாமல் கூடவே வந்தது. ஆக, போன் கம்பெனிமேல் தப்பில்லை. பிறகு ராயபுரம் சர்வருக்குள் யார்டு வைஃபை வழியாக எஸ்எஸ்எச்சில் போய், வந்து சேருகிற தகவல் பாக்கெட்டுகளை எல்லாம் காட்டும்படி ஒரு கட்டளையை ஓடவிட்டாள். இன்னொரு பக்கம் செல்போனிலிருந்து மோஷை அனுப்பினாள். சர்வரில் மோஷின் ஆள் எழுந்து ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டுத் தானே அணைந்துபோனது. யுடிபி பாக்கெட் ஒன்றுகூட அந்த சர்வரைத் தொடவில்லை. வாசலிலேயே யாரோ அவற்றைக் கொன்றுகொண்டிருந்தார்கள்.

அவள் ராயபுரம் போனாள். தலைமை அலுவலக நெட்வொர்க்குக்குள் இருந்தே மோஷ் போட்டுப் பார்த்தாள். கண் மூடித் திறப்பதற்குள் இணைந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பிராங்கிளினின் அறைக்குப் போனாள்.

"உள்ள இருந்து போவுது. வெளிய இருந்து பாக்கெட்டே வரல. உன் ஃபயர்வாலத் தொறந்து காட்டு, நான் பாக்கணும்."

"என் மேல நம்பிக்க இல்லியா?"

"காட்டுப்பா."

அவன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். ஃபயர்வாலின் பக்கத்தைத் திறந்தான். விதிகளின் பட்டியல் வந்தது. அதில் யுடிபி 60001 இல்லவே இல்லை. புது விதி சேர்க்கிற பொத்தான் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது. அவன் அதை மவுஸால் இரண்டு தடவை அழுத்திக் காட்டினான். ஒன்றும் நடக்கவில்லை.

"பொங்கலுக்கு அப்பால இத வெளி கம்பெனிக்கு வுட்டுட்டானுங்க" என்றான். "மும்பைல இருந்து ஒரு மெயில், அவ்ளோதான். இனிமே நான் பாக்கலாம், தொட முடியாது. இங்க யாருக்கும் தெரியாது. வரதன் சாருக்கே தெரியாது."

கம்பெனியைப் போன வருடம் மும்பைக்காரர்கள் வாங்கியிருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும். ஆனால் இது தெரியாது.

"அப்ப இன்னாத்துக்கு தொறந்தாச்சுன்னு சொன்ன?"

"அவங்களுக்கு மெயில் போட்டேன் மித்ரா. கேட்டு வாங்கிட்டு உன்கிட்ட சொல்லலாம்னுதான் நெனச்சேன். என் பேரு கேக்குறதுக்கு உரிமை உள்ளவங்க லிஸ்ட்டுலியே இல்லன்னு பதில் வந்துச்சு." அவன் திரையைப் பார்த்தபடியே பேசினான். "என்ன சும்மா ஒக்கார வச்சிகினு கீறானுங்க. பிலோமிகிட்ட கூட சொல்லல. நீ யார்கிட்டயும் சொல்லிடாத."

மூன்று வாரம் தான் முட்டாள் போல மென்பொருளைக் கழற்றிக் கழற்றி மாட்டியது அவளுக்கு ஞாபகம் வந்தது. கோபம்தான். இருந்தும் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "சொல்லல" என்று விட்டு வந்துவிட்டாள்.

அடுத்த நாள் தன் பெயரிலேயே மேலாளர் வரதனிடம் போய்க் கேட்டாள். யுடிபி போர்ட்டுகள் திறக்க வேண்டும், மும்பைக்கு நீங்கள் எழுத முடியுமா என்று. வரதன் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, பிராங்கிளின் அதைத் திறந்துட்டேன்னு போன மாசமே மீட்டிங்ல சொன்னாரே? அவர் செய்யலைங்கிறியா?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளால் சொல்ல முடியவில்லை. "நான் மறுபடி செக் பண்றேன் சார்" என்று வெளியே வந்தாள். சொல்லாமல் விட்ட அந்த வார்த்தையைத்தான் பின்னாளில் அவள் மனதுக்குள் திரும்பத் திரும்ப அரைத்துப் பார்த்தாள்.

ஒரு வாரம் கழித்து, வேன் திருவொற்றியூரைத் தாண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது எண்ணூர் கேட்டிலிருந்து கன்னியம்மா கூப்பிட்டாள். கேட்டில் பதிவு போடுகிறவள்.

"மேடம், ஒரு லாரி கூட சிஸ்டத்துல ஏற மாட்டேங்குது. சேவ் அடிச்சா செவப்பா ஏதோ காட்டுது. வெளிய லைனு கட்டிக்கினு நிக்கிறானுங்க. எறா கண்டெய்னரு வேற கீது, டிரைவருங்க என்னத் திட்டுறாங்க."

இறால் ஏற்றிய குளிர்க் கண்டெய்னர்கள். அன்று மாலைக் கப்பலுக்குப் போக வேண்டியவை. துறைமுகம் வாங்கிக்கொள்வதற்கு ஒரு நேரக்கெடு உண்டு. அது தாண்டினால் கப்பல் காத்திருக்காது.

லேப்டாப்பைத் திறந்தாள். ஓடிபி வந்தது, நுழைந்தாள். சர்வரின் டிஸ்க் நிரம்பி வழிந்திருந்தது. எழுத இடமில்லாமல் டேட்டாபேஸ் நின்றுபோயிருந்தது. பெரிய வேலை இல்லை. பழைய பதிவுக் கோப்புகளைக் கண்டுபிடித்து வேறிடத்துக்குத் தள்ளிவிட்டு டேட்டாபேஸை எழுப்ப வேண்டும். கையைக் கட்டிப்போடாமல் விட்டால் பத்து நிமிடம். கோப்புகளைத் தேட ஆரம்பித்தபோது சிக்னல் போனது. திரை உறைந்தது. இரண்டு நிமிடம் கழித்து நெட் வந்தது, இணைப்பு செத்திருந்தது. மறுபடி ஓடிபி. நுழைந்தாள். ஒரு கோப்பை நகர்த்தினாள். மறுபடி போனது. அடுத்த ஓடிபி வந்து சேர்ந்தபோது அதற்குக் காலம் முடிந்திருந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. மூன்றாவதை அவசரத்தில் தப்பாக அடித்தாள். அரை மணி நேரத்துக்குக் கணக்கு பூட்டப்பட்டுள்ளது என்று வந்தது.

பிராங்கிளினுக்குப் போன் அடித்தாள். அவன் சர்வர் அறைக்குள் போய் நேரடியாக அதன் கீபோர்டில் உட்கார்ந்தால் போதும், அவள் சொல்லச் சொல்ல அடித்துவிடலாம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி. எடுக்கவில்லை. அலுவலக வரவேற்பறைக்கு அடித்தாள். "பிராங்கிளின் சார் வெளிய போயிருக்காரும்மா. சர்வர் ரூம் சாவி அவர்கிட்டதான்" என்றார்கள்.

வேனிலிருந்து இறங்கி நடந்துவிடலாமா என்று பார்த்தாள். வெயிலில் இரண்டு பக்கமும் லாரிச் சுவர். தங்கள் யார்டின் வரிசையே நெடுஞ்சாலைவரை நீண்டுதான் இந்த நெரிசல் என்பது ஒரு டிரைவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அவள் சரிசெய்ய முடியாத சர்வர் நிறுத்தி வைத்த லாரிகள், அவளைச் சர்வரிடம் போகவிடாமல் நிறுத்தி வைத்திருந்தன. இறங்கி நடந்தாள். எண்ணூர் யார்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கணக்கின் பூட்டு விலகியிருந்தது; அங்கே கேபிளில் லேப்டாப்பைச் செருகி, சொன்ன மாதிரியே பத்து நிமிடத்தில் முடித்தாள். தடுப்புக்கட்டை எழும்பியது. இறால் கண்டெய்னர்கள் துறைமுகத்துக்குப் போனபோது கெடு தாண்டியிருந்தது. அத்தனையும் திரும்பி வந்தன.

மறுநாள் வரதனின் அறையில் கூட்டம். மும்பையிலிருந்து இரண்டு பேர் திரையில். பிராங்கிளின் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில். முந்தின இரவு அவன் போன் செய்யவில்லை, அவளும் செய்யவில்லை.

"வேனில் இருந்து ஏன் சரிசெய்ய முடியலை?" என்று கேட்டார் வரதன். "அதுக்குத்தானே ஏதோ மோஷ்னு கேட்டு வாங்கின?"

சங்கமித்ரா பிராங்கிளினைப் பார்த்தாள். அவன் சொல்வான் என்று நினைத்தாள். இவ்வளவு நடந்த பிறகாவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

பிராங்கிளின் வரதனைப் பார்த்துப் பேசினான். "என் பக்கம் போர்ட் திறந்துதான் சார் இருக்கு. அவங்களுக்கு அந்த சாஃப்ட்வேரை சரியா அமைக்கத் தெரியலை. நானும் பல தடவை சொல்லிப் பார்த்தேன்."

அலுவலகத் தமிழில் சொன்னான். ஒரு 'கீது' இல்லை, ஒரு 'மித்ரா' இல்லை. 'அவங்க'.

 அவள் மிக அமைதியாக லேப்டாப்பைத் திருப்பி வைத்தாள். சர்வரை வந்து தொட்ட பாக்கெட்டுகளின் பதிவைக் காட்டினாள். உள்ளிருந்து போகிறது, வெளியிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. தடுப்பது ஃபயர்வால்தான் என்றாள். "போர்ட் திறக்கவே இல்ல சார். திறக்க அவருக்கு உரிமையே இல்ல. பொங்கலுக்கு அப்புறம் எடுத்துட்டாங்க. என்கிட்ட அவரே சொன்னார். சந்தேகம்னா இப்ப ஃபயர்வாலப் பார்த்துக்கிற அந்த வெளி கம்பெனியக் கேளுங்க."

மும்பைக்காரர்களில் ஒருவர் அங்கேயே போனைப் போட்டார். ஒலிபெருக்கியில் ஒரு குரல் விளக்கியது: ஆமாம், பிராங்கிளின் என்பவருக்குப் பார்க்கும் அனுமதி மட்டும்தான். யுடிபி விதி எதுவும் இல்லை, எப்போதும் இருந்ததில்லை.

 பிராங்கிளின் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள்பக்கம் திரும்பவே இல்லை.

சாயங்காலத்துக்குள் அவனிடம் ராஜினாமா எழுதி வாங்கிவிட்டார்கள். பத்து வருடம். வரதன் அவளைக் கூப்பிட்டு, அன்றைக்கு நேரே சொல்லியிருக்கலாமே என்று கடிந்துகொண்டார். "தெரிஞ்சும் மறைச்சிருக்கே. உன் ஃபைல்லயும் ஒரு குறிப்பு போகும்." பிறகு, "பிராங்கிளின் பார்த்த மிச்ச வேலைகளையும் இனிமே நீதான் பார்க்கணும்" என்றார்.

"போர்ட் சார்?"

"கேட்டேன். வெளியிலிருந்து யுடிபி உள்ளே விடறது அவங்க பாலிசியில இல்லையாம். எஸ்எஸ்எச் ஓடுதில்ல, அது போதுமாம். வேற ஏதாவது வழி யோசிக்கிறோம்னு சொல்லியிருக்காங்க."

எதற்கும் இருக்கட்டும் என்று அன்றே அவள் சோதித்துப் பார்த்தாள். நீலப் பட்டை.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் விட்ட பிறகு, அவள் ராயபுரத்தில் பிராங்கிளினின் வீட்டுக்குப் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை. போய் என்ன பேசுவதென்றும் தெரியவில்லை. இரண்டாவது மாடி. பிலோமிதான் கதவைத் திறந்தாள். சர்ச்சுக்குக் கட்டிய புடவை மாற்றாமல் இருந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"அவரு இல்ல. மார்க்கெட்டுக்குப் போயிருக்காரு."

"பிலோமி, அவன் என்னப் பத்தி அப்படி சொல்லாம இருந்திருந்தா நான்..."

"தெரியும். சொன்னாரு. அன்னிக்கு ராத்திரிதான் எனக்கே எல்லாத்தையும் சொன்னாரு." பிலோமியின் குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "லாரி நின்ன அன்னிக்கு அவரு எங்க போனாருன்னு உனக்குத் தெரியுமா? மணலி பக்கம் ஒரு கம்பெனில இன்டர்வியூ. போனை அங்க வெளியவே வாங்கி வச்சிக்கினாங்களாம். அந்த வேல கெடச்சிருந்தா தானே கௌரவமா வுட்டுட்டு வந்திருப்பாரு. இங்க உரிமையப் பிடுங்குனது வெளிய தெரிஞ்சா அங்க எடுக்க மாட்டாங்கன்னு பயந்துதான் மீட்டிங்ல அப்படிச் சொல்லிட்டாரு."

"கெடச்சுதா?"

"மெட்ராஸ் துறைமுகத்துல பாதி பேருக்கு பாதி பேரத் தெரியும் மித்ரா. மறுநாளே அந்த மணலிக்காரனுங்க கேட்டுட்டானுங்க, இன்னா ஆச்சுன்னு; அப்புறம் எங்க எடுப்பானுங்க?" பிலோமி கதவு நிலையில் சாய்ந்தாள். "நீ சொன்னது நெஜந்தான். நான் இல்லன்னு சொல்லல. அத வேற யாராச்சும் சொல்லியிருக்கலாம்."

சங்கமித்ராவுக்குப் பதில் இருந்தது. வேறு யார் சொல்லியிருப்பார்கள், நான்தானே வேனில் மாட்டிக்கொண்டேன், என்னைத்தானே தெரியாதவள் என்றான். எல்லாம் நியாயமான பதில்கள்.  "வரேன்" என்று திரும்பினாள்.

முதல் மாடித் திருப்பத்தில் பிராங்கிளின் மேலே ஏறி வந்துகொண்டிருந்தான். கையில் மீன் பை, இன்னொரு கையில் கீரைக்கட்டு. முகத்தில் இரண்டு நாள் தாடி. குறுகலான படி; யாராவது ஒருவர் ஒதுங்க வேண்டும். அவன் ஒதுங்கினான். அவள் தாண்டிப் போகும்போதுதான் பேசினான்.

"போர்ட்டு தொறந்துட்டானுங்களா?"

"இல்ல."

அவன் தலையாட்டினான். அதில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. பஸ் போய்விட்டதா என்று கேட்டவனுக்குப் பதில் கிடைத்தது போல. மீன் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு மேலே ஏறிப் போனான்.